கிளெய்ம் பணம் வந்தாச்சு... அப்புறம் இன்ஷூரன்ஸ் நிறுவனம் யாரிடம் வசூலிக்கும்? 'சப்ரோகேஷன்' கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

1998 ஆகஸ்ட் 1. இரவு சுமார் 11 மணி. டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்கு ஒருவர் தன் மாருதி ஜென் காரில் வருகிறார். சாவியை வாலெட் ஊழியரிடம் கொடுத்துவிட்டு, டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். நள்ளிரவு ஒரு மணிவாக்கில் வெளியே வந்து காரைக் கேட்டால், கார் இல்லை. வேறொரு காரில் வந்திருந்த மூன்று இளைஞர்களில் ஒருவர், ஜென் காரின் சாவியை எடுத்து அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டதாக ஹோட்டல் தரப்பு சொல்கிறது.

காருக்கு யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் பாலிசி இருந்தது. நிறுவனம் 2,80,000 ரூபாய் கொடுத்து கிளெய்மை முடித்தது. பெரும்பாலான கார் உரிமையாளர்களைப் பொறுத்தவரை கதை இங்கேயே முடிந்துவிடும். கார் போச்சு, பணம் வந்துச்சு. அவ்வளவுதான்.

ஆனா இந்த வழக்கில் கதை இங்கேதான் ஆரம்பித்தது. கொடுத்த 2,80,000 ரூபாயை ஹோட்டலிடமிருந்து திரும்ப வாங்க, இன்ஷூரன்ஸ் நிறுவனம் கார் உரிமையாளரையும் சேர்த்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2019 நவம்பரில் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. கார் காணாமல் போய் 21 ஆண்டுகள் கழித்து!

நிறுவனத்துக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? கார் அவர்களுடையது இல்லை. ஹோட்டலுக்குப் போனதும் அவர்கள் இல்லை. பதில், கிளெய்ம் முடியும்போது உரிமையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு கடிதத்தில் இருக்கிறது. அதன் பெயர் 'லெட்டர் ஆஃப் சப்ரோகேஷன்'. உங்களிடமும் ஒருநாள் இதை நீட்டலாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து, உங்கள் கைக்கு வரவேண்டிய பணம் வரலாம், வராமலும் போகலாம்.

சப்ரோகேஷன் என்றால் என்ன?

உங்கள் காருக்கு இன்னொருவரின் கவனக்குறைவால் சேதம். உங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சேதப்படுத்தியவரிடமே நஷ்டஈடு கேட்பது. இரண்டு, உங்கள் சொந்த பாலிசியில் 'ஓன் டேமேஜ்' பகுதியில் கிளெய்ம் செய்வது. இரண்டாவது வழி சுலபம் என்பதால் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறோம்.

இப்போ ஒரு கேள்வி வரும். நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டது என்பதால், தப்பு செய்தவர் தப்பித்துவிடலாமா? கூடாது. சரி, நீங்கள் நிறுவனத்திடமும் வாங்கிக்கொண்டு, அதே நஷ்டத்துக்கு அவரிடமும் முழுசாக வாங்கிக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. இன்ஷூரன்ஸ் என்பது நஷ்டத்தை ஈடுகட்டத்தானே தவிர, லாபம் பார்க்க இல்லை.

இந்த இரண்டு 'கூடாது'க்கும் நடுவில் சட்டம் கண்டுபிடித்த தீர்வுதான் சப்ரோகேஷன். தப்பு செய்தவருக்கு எதிராக உங்களுக்கு இருந்த உரிமை அழிவதில்லை. பணம் கொடுத்த நிறுவனம் உங்கள் இடத்தில் நின்று, உங்கள் பெயரில், தான் கொடுத்த தொகையைத் திரும்பக் கேட்கலாம்.

'உங்கள் பெயரில்' என்பதைக் கவனியுங்கள். நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு உரிமை பிறப்பதில்லை. உங்களுக்கு என்ன உரிமை இருந்ததோ அதுதான், அதன் குறைகளோடு சேர்த்து, அவர்களுக்குப் போகிறது. உங்கள் பக்கமும் பாதித் தவறு இருந்தால், எதிர்தரப்பு அதை நிறுவனத்திடமும் சொல்லலாம். வழக்குப் போட உங்களுக்கு இருக்கும் காலக்கெடுதான் அவர்களுக்கும். சேதம் நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், கிளெய்ம் பணம் கொடுத்த நாளிலிருந்து இல்லை. சிவில் வழக்கு என்றால் பொதுவாக மூன்று ஆண்டுகள். நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு ஆண்டுகள்.

நீங்கள் கடிதம் எதுவும் கொடுக்காவிட்டாலும், கிளெய்ம் பணம் கொடுத்தவுடனேயே இந்த உரிமை நிறுவனத்துக்கு வந்துவிடும். போதாக்குறைக்கு, மோட்டார் பாலிசியின் பொது நிபந்தனைகளிலேயே ஒரு வரி இருக்கிறது. உங்கள் பெயரில், தன் பலனுக்காக, நிறுவனம் வழக்கு நடத்தலாம். அதற்கான தகவலையும் உதவியையும் நீங்கள் தர வேண்டும். பாலிசி எடுக்கும்போது இதற்கு ஏற்கெனவே சம்மதித்திருக்கிறோம்.

அப்புறம் எதற்குத் தனியாக ஒரு கடிதம்? நமக்கு முக்கியமான விஷயமே அதுதான்.

கடிதத்தில் மூன்று வகை

உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2010-ல் தந்த ஒரு தீர்ப்பு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. எகனாமிக் டிரான்ஸ்போர்ட் ஆர்கனைசேஷன் எதிர் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் என்பது வழக்கு. லாரியில் அனுப்பிய நூல் மூட்டைகள் விபத்தில் சேதமாக, மில்லுக்குப் பணம் கொடுத்த இன்ஷூரன்ஸ் நிறுவனம் போக்குவரத்து நிறுவனத்திடம் அதைத் திரும்பக் கேட்டது. அது சரக்கு இன்ஷூரன்ஸ் வழக்குதான். ஆனால் அதில் சொன்ன கொள்கை கார் பாலிசிக்கும் பொருந்தும்.

நீதிமன்றம் சொன்ன மூன்று வகைகள் இவை. முதலாவது, கடிதமே இல்லாமல் நியாயத்தின் அடிப்படையில் தானாக வரும் சப்ரோகேஷன். இரண்டாவது, கடிதத்தில் எழுதி ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்படி நடக்கும் சப்ரோகேஷன். மூன்றாவது, சப்ரோகேஷனோடு சேர்த்து, உங்கள் உரிமையையே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. சட்ட மொழியில் 'அசைன்மென்ட்'.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். மூன்றிலும் நிறுவனம் வழக்குப் போடுகிறது, தப்பு செய்தவர் பணம் கட்டுகிறார். வித்தியாசம் அந்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

1,20,000 ரூபாய் பில்... ஒரு கணக்கு

ஒரு கற்பனை உதாரணம். மதுரையில் ஒருவர் தெருவில் காரை நிறுத்தியிருக்கிறார். கார் வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. பக்கத்தில் கட்டடம் கட்டும் கான்ட்ராக்டர் சாரத்தைச் சரியாகக் கட்டவில்லை. காற்றடித்த அன்று சாரம் சரிந்து கார் மேல் விழுகிறது. கூரை, பானெட், கண்ணாடி எல்லாம் போச்சு.

சர்வீஸ் சென்டர் பில் 1,20,000 ரூபாய். அதில் உலோகப் பாகங்கள் 60,000, பிளாஸ்டிக் பாகங்கள் 20,000, கண்ணாடி 12,000, லேபர் 28,000. சாதாரண பாலிசி என்பதால் தேய்மானம் கழிப்பார்கள். மூன்று முதல் நான்கு வயது காரின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதம், அதாவது 15,000 ரூபாய். பிளாஸ்டிக்குக் கார் வயது எதுவானாலும் 50 சதவீதம், அதாவது 10,000. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. இதுபோக 1,500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. மொத்தம் 26,000 போக, நிறுவனம் கொடுப்பது 94,000 ரூபாய்.

உரிமையாளரின் நஷ்டம் 26,000-த்தோடு முடியவில்லை. கார் பட்டறையில் நின்ற நாட்களில் டாக்ஸிக்கு 9,000 செலவு. சாதாரண பாலிசி இதைத் தராது. ஆக அவருக்கு ஏற்பட்ட மொத்த நஷ்டம் 1,29,000. அதில் நிறுவனம் ஈடுகட்டியது 94,000. அவர் கையிலிருந்து போனது 35,000.

இப்போது நிறுவனம், உரிமையாளர் பெயரில் கான்ட்ராக்டர் மேல் 1,29,000 ரூபாய் கேட்டு வழக்குப் போடுகிறது. கோர்ட் முழுத் தொகையையும் கொடுக்கச் சொன்னால் சிக்கலே இல்லை. உரிமையாளருக்கு 35,000, நிறுவனத்துக்கு 94,000. இருவருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனா கோர்ட்டில் கேட்டதெல்லாம் கிடைப்பது அபூர்வம். 'வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினார்' என்று கான்ட்ராக்டர் வாதாடலாம். 'பழைய பாகத்துக்குப் புதுப் பாகத்தின் விலையை நான் ஏன் கொடுக்கணும்?' என்றும் கேட்கலாம். கடைசியில் 80,000 ரூபாய்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வகை, அதாவது கடிதமே இல்லை என்றால், உரிமையாளருக்குத்தான் முன்னுரிமை. அவருடைய நஷ்டம் முழுசாக ஈடாகும் வரை, 35,000 ரூபாயை அவர் முதலில் எடுத்துக்கொள்வார். மிச்சம் 45,000 நிறுவனத்துக்கு. பிரீமியம் வாங்கிக்கொண்டு ரிஸ்க்கை ஏற்றது நிறுவனம்தான் என்பதால், குறைவதும் அவர்கள் பங்கில்தான் குறையும்.

இரண்டாம் வகையில் எல்லாம் கடித வாசகத்தைப் பொறுத்தது. 'வசூலாகும் தொகையிலிருந்து நிறுவனம் தான் கொடுத்ததை முதலில் எடுத்துக்கொள்ளும்' என்று ஒரு வரி இருந்தால் போதும், 80,000-மும் நிறுவனத்துக்குத்தான். அவர்கள் கொடுத்த 94,000-மே முழுசாக வரவில்லையே! உரிமையாளருக்குப் பூஜ்யம்.

மூன்றாம் வகையில் உரிமையையே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நிறுவனம் தன் பெயரிலேயே சிவில் வழக்குப் போடலாம். வருவது முழுவதும் அவர்களுக்கு. கோர்ட் 1,29,000 ரூபாயையும் கொடுத்தால்கூட, 94,000-க்கு மேல் வந்ததை அவர்களே வைத்துக்கொள்ளலாம். உரிமையாளரின் 35,000 கடிதத்தோடு போய்விட்டது.

ஒரே விபத்து, ஒரே பில், ஒரே தீர்ப்பு. ஆனால் கடிதத்தின் இரண்டு மூன்று வரிகளைப் பொறுத்து உரிமையாளருக்கு 35,000 ரூபாயும் கிடைக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம்.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அச்சடித்த படிவமாக இருக்கும். டிஸ்சார்ஜ் வவுச்சரோடு சேர்த்து, 'இங்கே ஒரு சைன், இங்கே ஒரு சைன்' என்று நீட்டுவார்கள். தலைப்பை நம்ப வேண்டாம். மேலே 'சப்ரோகேஷன்' என்று மட்டும் போட்டுவிட்டு, உள்ளே அசைன்மென்ட் எழுதியிருக்கலாம். தலைப்பைவிட உள்ளடக்கத்தைத்தான் கோர்ட் பார்க்கும்.

உள்ளே 'அசைன்', 'டிரான்ஸ்ஃபர்', 'அபாண்டன்' போன்ற சொற்கள் இருந்தால், உரிமையையே கைமாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். அவை எந்த அளவுக்கு என்பதையும் பாருங்கள். 'நிறுவனம் கொடுத்த தொகையின் அளவுக்கு' என்று வரம்பு போட்டிருந்தால் உங்கள் மீதி உரிமை தப்பிக்கும். 'எங்களுடைய எல்லா உரிமைகளையும்' என்று இருந்தால் தப்பிக்காது. அடுத்து, வசூலாகும் பணத்தில் யாருக்கு முதலில் என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

பவர் ஆஃப் அட்டர்னி பகுதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் பெயரில் வழக்கு நடத்த நிறுவனத்துக்கு அது தேவை. அது மட்டும் இருந்தால் உங்கள் பங்கு போய்விடாது.

'கையெழுத்துப் போடலைன்னா கிளெய்ம் வராது' என்று சொன்னால்? கடிதம் இல்லாவிட்டாலும் சட்டப்படி நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். எனவே கடிதத்தைக் கொடுக்கவே மாட்டேன் என்று சண்டை போட வேண்டிய அவசியம் இல்லை. 'நீங்க கொடுத்த தொகை அளவுக்கு எழுதித் தரேன், என் மீதி நஷ்டத்தைக் கேட்கும் உரிமை என்கிட்டயே இருக்கும்னு ஒரு வரி சேருங்க' என்று மெயிலில் கேளுங்கள். பதிலையும் மெயிலிலேயே வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட கடிதத்தின் நகல் ஒன்று கட்டாயம் உங்களிடம் இருக்கட்டும்.

தாஜ் வழக்கில் என்ன நடந்தது?

தாஜ் வழக்கில் முதல் தடையே 'நிறுவனம் நுகர்வோரா?' என்ற கேள்விதான். ஹோட்டலின் சேவையைப் பெற்றவர் கார் உரிமையாளர், இன்ஷூரன்ஸ் நிறுவனம் இல்லை என்று சொல்லி, மாநில ஆணையம் முதலில் புகாரைத் தள்ளுபடி செய்தது. தேசிய ஆணையம் அதைத் திருப்பி அனுப்பி, மறுபடி விசாரிக்கச் சொன்னது.

நிறுவனத்தைக் காப்பாற்றியது, உரிமையாளரையும் மனுதாரராகச் சேர்த்திருந்ததுதான். இன்ஷூரன்ஸ் நிறுவனம் தனியாக, தன் பெயரில் மட்டும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, பாலிசிதாரரோடு சேர்ந்தோ அவர் பெயரிலோதான் போகலாம் என்பது சரண் ஸ்பின்னிங் தீர்ப்பிலேயே இருக்கிறது. வழக்கு நடக்கும்போது நிறுவனம் உங்களைத் தேடி வருவது இதனால்தான். கிளெய்ம் முடிந்து சில வருடங்கள் கழித்து சாட்சி சொல்லக் கூப்பிட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அடுத்து, ஹோட்டலின் தவறை எப்படி நிரூபிப்பது? காரைத் திருடியது யாரோ ஒருவர். ஹோட்டல் திருடவில்லையே? இங்கே கைகொடுத்தது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒருவர் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைத்தால், அதைத் தன் சொந்தப் பொருள் போல நியாயமான கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் 151-வது பிரிவு. சாவியை வாங்கியவுடன் கார் ஹோட்டலின் பொறுப்புக்குப் போய்விட்டது. ஒப்படைத்த பொருளைத் திரும்பத் தர முடியவில்லை என்றால், கவனமாக இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியது வாங்கி வைத்தவர்தான்.

ஹோட்டல் தன் டோக்கனைக் காட்டியது. 'உங்கள் சொந்தப் பொறுப்பில் நிறுத்துகிறீர்கள், திருட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்கிற மாதிரியான வாசகம் அதில் இருந்தது. நம்ம ஊர் மால், கல்யாண மண்டபம், தியேட்டர் எல்லாவற்றிலும் பார்க்கும் அதே வாசகம். தன் சொந்தக் கவனக்குறைவிலிருந்து தப்பிக்க ஹோட்டல் இந்த வரியைப் பயன்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாவியை யாரும் எடுக்கும்படி விட்டதே கவனக்குறைவுதான். அதே சமயம், நீதிமன்றம் ஹோட்டல்களுக்கு எல்லையில்லாத பொறுப்பையும் சுமத்தவில்லை. கவனமாகத்தான் இருந்தோம் என்று ஹோட்டல் நிரூபித்தால் தப்பிக்கலாம். வாலெட் இல்லாமல், நீங்களே நிறுத்திச் சாவியை நீங்களே வைத்திருந்தால் கணக்கு வேறு.

கடைசியில் 2,80,000 ரூபாயும், 9 சதவீத வட்டியும், வழக்குச் செலவும் ஹோட்டல் தலையில் விழுந்தன.

வண்டியும் வண்டியும் மோதினால்?

சாரம் விழுந்தது, ஹோட்டலில் திருடு போனது எல்லாம் சரி. சாலையில் இன்னொரு வண்டி வந்து இடித்தால்? இங்கே பாதை மாறுகிறது. இடித்த வண்டியின் தேர்ட் பார்ட்டி பாலிசிக்கு உங்கள் கார் 'மூன்றாம் நபரின் சொத்து'. அதன் சேதத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில்தான் மனு செய்ய வேண்டும், சாதாரண சிவில் கோர்ட்டில் இல்லை. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்ற விதி, 2019 சட்டத் திருத்தம் மூலம் 2022 ஏப்ரல் 1 முதல் மறுபடி வந்திருக்கிறது. சிவில் வழக்குக்கான மூன்று ஆண்டை நினைத்து இங்கே தாமதிக்கக் கூடாது.

இடித்தது காரோ லாரியோ என்றால், அதன் பாலிசி மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7,50,000 ரூபாய் வரை பொறுப்பேற்கும். இரு சக்கர வாகனம் என்றால் 1,00,000. பிரீமியத்தைக் குறைக்க இதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. அப்படிச் சுருக்கியிருந்தால், அதற்கு மேலான தொகையை வண்டி உரிமையாளரே கட்ட வேண்டியிருக்கும்.

ஆனா நடைமுறையில், இரண்டு வண்டிக்கும் முழுமையான பாலிசி இருந்தால் நிறுவனங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழக்குப் போடுவது குறைவு. 'நாக் ஃபார் நாக்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. உன் வண்டியை நீ பார்த்துக்கோ, என் வண்டியை நான் பார்த்துக்கறேன் என்பதுதான் அது. இன்றைக்கு நான் உங்களிடம் வாங்கினால் நாளைக்கு நீங்கள் என்னிடம் வாங்குவீர்கள், நடுவில் வக்கீல் செலவுதான் மிச்சம் என்பது அதன் பின்னால் இருக்கும் கணக்கு.

இந்த ஏற்பாட்டில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. அது நிறுவனங்களுக்குள் மட்டும்தான். உங்கள் நிறுவனம் தன் பங்கைக் கேட்காமல் விட்டாலும், தேய்மானம், கட்டாயக் கழிவு போன்று பாலிசி தராத உங்கள் நஷ்டத்தை நீங்கள் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். மேலே பார்த்த மூன்றாம் வகைக் கடிதத்தில் அந்த உரிமையையும் எழுதிக் கொடுக்காமல் இருந்தால்!

'இந்தாங்க பணம், முடிச்சுக்கலாம்'

இந்த விஷயத்தில் மக்கள் அதிகம் சிக்குவது கோர்ட்டில் இல்லை, தெருவில். சாரம் விழுந்த அன்றே கான்ட்ராக்டர் ஓடி வருகிறார். 'சார், தெரியாம நடந்துபோச்சு. இந்தாங்க முப்பதாயிரம். போலீஸ், கேஸ் எதுவும் வேணாம், ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துடுங்க' என்கிறார். உரிமையாளரும் வாங்கிக்கொண்டு, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கொடுக்கிறார். அடுத்த வாரம் ஓன் டேமேஜ் கிளெய்ம் போடுகிறார்.

நிறுவனம் கான்ட்ராக்டரிடம் போகும்போது அவர் அந்தக் காகிதத்தைக் காட்டுவார். உங்களுக்கே உரிமை இல்லை என்றால், உங்கள் இடத்தில் நிற்கும் நிறுவனத்துக்கும் இல்லை. வசூலிக்கும் வழியை அடைத்தது நீங்கள் என்பதால், நிறுவனம் உங்களிடம் திரும்பும். கிளெய்மைக் குறைக்கலாம், ஏற்கெனவே கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்கலாம். ஓன் டேமேஜ் கிளெய்ம் போடப் போகிறீர்கள் என்றால், நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் எதிர்தரப்போடு சமாதானம் எழுதிக் கொடுக்காதீர்கள். கிளெய்மே வேண்டாம், அவர் கொடுப்பதே போதும் என்றால் அது வேறு விஷயம். அப்போது முழு நஷ்டத்துக்கும் போதுமா என்று பார்த்து வாங்குங்கள்.

பிற்பாடு வழக்கு நிற்க வேண்டும் என்றால் ஆதாரமும் வேண்டும். எஃப்.ஐ.ஆர் அல்லது குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர் ரசீது, சம்பவ இடத்தின் படங்கள், பார்த்தவர்களின் போன் நம்பர், சர்வேயர் அறிக்கையின் நகல். இவற்றோடு டாக்ஸி பில்களையும் சேர்த்து வையுங்கள். பாலிசி தராத நஷ்டத்தைக் கேட்க உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

மாற வேண்டியது என்ன?

தப்பு செய்தவர் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பதற்காகத் தப்பித்துவிடக் கூடாது. அந்த வகையில் சப்ரோகேஷன் நியாயமான ஏற்பாடு. தாஜ் வழக்கில் 21 ஆண்டுகள் போராட ஒரு தனிமனிதரால் முடிந்திருக்குமா என்பது சந்தேகமே. அந்தச் சுமையை நிறுவனம் ஏற்றதால்தான், வாலெட்டிடம் சாவி கொடுக்கும் எல்லோருக்கும் பயன்படும் ஒரு தீர்ப்பு கிடைத்தது.

ஆனால் பணம் பிரிக்கும் இடத்தில் நியாயம் படிவத்தின் வாசகத்தில் சிக்கிக் கிடக்கிறது. பாலிசிதாரருக்கு முன்னுரிமை என்பது கடிதம் இல்லாத நிலையில் சட்டம் தரும் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை, கார் எப்போது கிடைக்கும் என்ற அவசரத்தில் இருக்கும் ஒருவரிடம், அவருக்குப் புரியாத மொழியில் எழுதிய படிவத்தில் கையெழுத்து வாங்கி நீக்கிவிட முடிகிறது. அவர் எதை இழந்தார் என்பதே அவருக்குத் தெரியாது. நிறுவனம் பிற்பாடு எவ்வளவு வசூலித்தது என்றும் தெரிய வருவதில்லை. குற்றம் அவர் மேல் இல்லை என்றாலும், கிளெய்ம் போட்டதால் அவருடைய நோ கிளெய்ம் போனஸும் போய்விடுகிறது.

இதைச் சரிசெய்யப் புதுச் சட்டம் தேவையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ, ஓன் டேமேஜ் கிளெய்முக்கான சப்ரோகேஷன் கடிதத்துக்கு ஒரே மாதிரி வாசகத்தை வகுக்கலாம். நிறுவனத்தின் உரிமை அது கொடுத்த தொகையோடு நிற்க வேண்டும். பாலிசிதாரரின் ஈடாகாத நஷ்டம் முதலில் தீர வேண்டும். கடிதம் அவருக்குத் தெரிந்த மொழியிலும் இருக்க வேண்டும், வசூலானால் அவருக்கு ஒரு தகவல் போக வேண்டும்.

அதுவரை, டிஸ்சார்ஜ் வவுச்சருக்குக் கீழே இருக்கும் அந்த இரண்டாவது காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.